காலிக் கட்டத்தைக் கண்டு ஏன் பயப்படுகிறோம்?

சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. என் அக்காவைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அக்கா கோவைக்கு வெளியே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள். எந்த இல்லம் என்று சொல்லப் போவதில்லை. நான் எழுதுவது அந்த ஒரு இடத்தைப் பற்றி மட்டுமல்ல.

அக்காவுக்கு 78 வயது. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. சக்கர நாற்காலியில் உட்கார வைத்தால் உட்காருவாள். படுக்க வைத்தால் படுத்தபடியே கிடப்பாள். தானாகப் புரண்டு படுக்க முடியாது. காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். சொட்டு மருந்து விட்டு, காத்திருந்து, டாக்டரைப் பார்த்து, திரும்பி வந்து சேர்ந்தபோது மணி இரண்டே கால். அக்காவை ஒப்படைத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் போயிருந்தேன். அக்காவின் கட்டில் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்கும். அதில்தான் அவளுடைய அன்றாடப் பராமரிப்பு அட்டவணை இருக்கிறது. இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இத்தனை தடவை குடிக்கக் கொடுக்க வேண்டும், டயப்பர் பார்க்க வேண்டும் என்று வரிசையாகக் கட்டங்கள். இடது என்றால் 'இ', வலது என்றால் 'வ', மல்லாக்க என்றால் 'ம'. பக்கத்தில் பராமரிக்கும் பெண்ணின் சுருக்கொப்பம். பழக்க தோஷத்தில் எடுத்துப் பார்த்தேன். 36 வருஷம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவளுக்கு கால்மாட்டில் அட்டை தொங்கினால் கை சும்மா இருக்காது.

செவ்வாய்க்கிழமை, காலை 10 மணி: இ. பகல் 12 மணி: வ. பிற்பகல் 2 மணி: ம. நடுவில் 11 மணிக்கு இளநீர், 200 மி.லி. எல்லாவற்றுக்கும் ஒப்பம்.

பத்து மணிக்கு அக்கா என்னோடு காரில் இருந்தாள். பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, முறுக்கு வாங்கித் தரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அக்காவை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோல் கன்றிப்போய் இருந்தது. தொட்டால் சுடுகிறது. நடுவில் பொட்டு மாதிரி தோல் உரிந்து ஈரமாக இருக்கிறது. படுக்கைப்புண்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். புத்தகங்களில் படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம் சிவப்பு என்று இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காத சிவப்பு. வெள்ளைத் தோலுக்கு அது சரி. நம் ஊர்த் தோலில் சிவப்பு எங்கே தெரியும்? கருநீலமாக, சுற்றியிருக்கும் தோலைவிடக் கொஞ்சம் கருத்துத் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. தொட்டுத்தான் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா அல்லது கொழகொழவென்று இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால், இந்த மூன்று இடங்களை ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் பார்த்தாக வேண்டும். திருப்புவது பாதி வேலை. பார்ப்பது மீதிப் பாதி.

இப்போது யார் மேல் தப்பு? என் மேலும் தப்பு இருக்கிறது. அக்காவை ஏறத்தாழ ஐந்து மணி நேரம் உட்கார்ந்தே இருக்க விட்டது நான். உட்காரும்போது முழு பாரமும் அந்த இடத்தில்தான் இறங்கும். மணிக்கு ஒரு தடவையாவது ஒரு பக்கமாகச் சாய்த்து பாரத்தை மாற்றியிருக்க வேண்டும். நர்ஸாக இருந்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். கண் டாக்டரின் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், மறந்துவிட்டேன்.

ஆனால் அந்த மூன்று கட்டங்களையும் காலியாக விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். "9.30 முதல் 2.15 வரை வெளியே. உட்கார்ந்தபடி இருந்தார்" என்று ஒரு வரி எழுதியிருந்தால், பிற்பகல் டியூட்டிக்கு வந்த பெண் என்ன செய்திருப்பாள்? ஐந்து மணி நேரம் உட்கார்ந்த ஆளை உடனே மல்லாக்கப் போட மாட்டாள். ஒருக்களித்துப் போட்டிருப்பாள். முதுகைப் பார்த்திருப்பாள். அட்டையில் என்ன இருந்தது? இடது ஆயிற்று, வலது ஆயிற்று, அடுத்தது மல்லாக்க. அந்த வரிசைப்படி ஐந்து மணி நேரம் நசுங்கிய இடத்தின் மேலேயே அக்காவை மறுபடி படுக்க வைத்தார்கள். அந்தப் புண் ஆற ஏழு வாரம் பிடித்தது.

பொய் எழுத்து என்றால் வெறும் பொய் என்று நினைக்கிறோம். அடுத்த டியூட்டிக்கு வருகிறவளுக்கு அது ஒரு உத்தரவு.

இதைப் படித்துவிட்டு அந்தப் பெண்ணைத் திட்டப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். திட்டுகிற தகுதி எனக்கு இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன்.

ஆண்கள் பொது வார்டு, இரவு டியூட்டி. 40 கட்டில், தரையில் பாய் போட்டுப் பத்துப் பேர். காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றும் எல்லோருக்கும் எடுத்து எழுத வேண்டும். காய்ச்சலும் நாடியும் எப்படியோ எடுத்துவிடுவேன். மூச்சை எண்ண ஒரு ஆளுக்கு முழுதாக ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். யார் நிற்பது? எல்லோருக்கும் 20 என்று எழுதிவிடுவேன். நான் மட்டுமில்லை, எல்லோரும் அப்படித்தான். விடியற்காலை ரவுண்டு வந்த வார்டு சிஸ்டர் அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். மலையாளத்து அம்மா, குரல் உயர்த்தவே மாட்டார்.

"இந்த வார்டில எல்லாரும் ஒரே தாளத்தில மூச்சு விடுறாங்களா மோளே?" என்றார்.

என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு பெரியவர் கட்டில் பக்கத்தில் நிறுத்தி, எண்ணச் சொன்னார். எண்ணினேன். 34. இரவு பூராவும் அவருடைய அட்டையில் 20 என்று நான் எழுதியிருக்கிறேன். நிமோனியா. டாக்டரை எழுப்பினோம், பெரியவர் பிழைத்தார். அந்த அம்மா என்னைப் பற்றி மேலே எழுதிப் போடவில்லை. "எண்ணலேன்னா கோடு போட்டு விடு. கோடு போட்டிருந்தா நான் எண்ணியிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல வருவது அந்த ஒரு வார்த்தைதான்.

சரி, அக்காவின் இல்லத்துக்கு வருவோம். அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசினேன். தர்மபுரிப் பக்கம். 23 வயசு இருக்கும். முதலில் பேசவே இல்லை. நான் நர்ஸாக இருந்தவள், எனக்கும் தெரியும் என்று சொன்ன பிறகு அழுதுவிட்டாள்.

"கட்டம் காலியா இருந்தா மேடம் கூப்புட்டுக் கேப்பாங்கம்மா. மூணு தடவ காலியா இருந்தா சம்பளத்துல புடிப்பாங்க. எல்லாரும் டியூட்டி முடியறப்ப உக்காந்து மொத்தமாப் போட்டுருவோம். அன்னைக்கு நீங்க கூட்டிட்டுப் போனது எனக்கு ஞாபகமே இல்லீங்கம்மா. கை தானாப் போட்டுருச்சு."

கை தானாகப் போட்டுவிட்டது. அவள் சொன்னது சத்தியமான வார்த்தை. டியூட்டி முடியும் நேரத்தில் பன்னிரண்டு மணி நேரத்தை மொத்தமாக எழுதுகிறவர் யாரும் நடந்ததை எழுத முடியாது. நடந்திருக்க வேண்டியதைத்தான் எழுதுவார். ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். காலையில் எழுதியதும் இரவில் எழுதியதும் ஒரே மூச்சில் எழுதியது போல இருந்தால் அது ஒரே மூச்சில் எழுதியதுதான். இப்போது சில இடங்களில் அட்டைக்குப் பதில் செல்போனில் பதிகிறார்கள். அதிலும் இதே கதைதான். பத்து வேலைக்கும் 5.58 மணிக்கே பதிவு விழுந்திருக்கும்.

அவள் இரவு டியூட்டி பார்க்கும்போது அந்த மாடியில் 14 பேருக்கு அவள் ஒருத்திதான். 14 பேரில் ஆறு பேர் அக்கா மாதிரி, தானாகப் புரள முடியாதவர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

இரவு எட்டு முதல் காலை எட்டு வரை 12 மணி நேரம். இரண்டு மணிக்கு ஒரு தடவை என்றால் ஒருவருக்கு ஆறு தடவை. ஆறு பேருக்கு 36 தடவை. ஒரு தடவை ஒழுங்காகத் திருப்ப, அதாவது சொல்லிவிட்டுத் திருப்பி, முதுகைப் பார்த்து, முதுகுக்கு அண்டையாகத் தலையணை வைத்து, கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் விட்டு, விரிப்புச் சுருக்கத்தை இழுத்துவிட, குறைந்தது பத்து நிமிஷம். ஆக 360 நிமிஷம், ஆறு மணி நேரம். அந்த ஆறு பேருக்கும் இரவில் இரண்டு தடவை டயப்பர் மாற்றினால் இன்னொரு இரண்டு மணி நேரம். மீதி எட்டு பேரை ஒவ்வொரு தடவை கழிவறைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் வர, ஆளுக்குக் கால் மணி நேரம் என்றால் அது ஒரு இரண்டு மணி நேரம். மொத்தம் பத்து மணி நேரம். உட்காரவில்லை, சாப்பிடவில்லை, யாரும் வாந்தி எடுக்கவில்லை, யாரும் விழவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

அதோடு, பக்கவாதம் வந்த ஒரு உடம்பைத் தனி ஆளாகத் திருப்பவே கூடாது. இழுத்தால் தோல் உராய்ந்து உரியும், இழுக்கிறவள் இடுப்பு போகும். இரண்டு பேர் விரிப்பைப் பிடித்துத் தூக்கித்தான் திருப்ப வேண்டும். இரவில் இரண்டாவது ஆள் எங்கே?

ஆக, அந்த அட்டவணையில் இருக்கும் வேலையை அவளால் செய்ய முடியாது. எவராலும் முடியாது. ஆனால் தினமும் காலையில் 36 கட்டமும் நிரம்பியிருக்கின்றன. நிர்வாகி பார்க்கிறார், 36 தடவை திருப்பியாகிவிட்டது, ஒரு ஆள் போதும் என்று நினைக்கிறார். முதலாளியும் அதையே நினைக்கிறார். இன்னொரு ஆள் வேண்டும் என்று அந்தப் பெண் வாய் திறந்து கேட்டால், "நீதான் எல்லாம் செஞ்சு கையெழுத்துப் போட்டிருக்கியே" என்ற பதில் தயாராக இருக்கிறது.

அவள் போட்ட ஒவ்வொரு பொய் டிக்கும் அவளுக்கு எதிரான சாட்சி. இதை அவளிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப நான் என்னம்மா எழுதறது?" என்று கேட்டாள்.

நடந்ததை எழுது, நடந்த உடனே எழுது, நடக்காததையும் எழுது என்றேன். நடக்காததற்குக் காரணத்தை நாலு வார்த்தையில் எழுது. எழுத மறந்து பிறகு நினைவு வந்தால், "தாமதப் பதிவு" என்று போட்டு, எழுதுகிற நேரத்தையும் நடந்த நேரத்தையும் இரண்டையும் எழுது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடி, அடியில் இருப்பது படிக்கிற மாதிரி. பக்கத்தில் ஒப்பம் வை. வெள்ளை பூசாதே. பூசினால் சரியாக எழுதியதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நிர்வாகியைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர்தான், குரூரம் எதுவும் இல்லை. ஆனால் கட்டம் நிரம்பியிருந்தால் வேலை நடந்தது என்று நம்புகிறவர்.

"காலியா விட்டா நாளைக்கு யாராவது கேஸ் போட்டா நாங்க என்ன பண்றதுங்கம்மா? எழுதலேன்னா செய்யலேன்னுதானே அர்த்தம்?"

இந்த வாக்கியம் மருத்துவமனைகளில் பிறந்தது. எனக்கும் இதைச் சொல்லித்தான் வளர்த்தார்கள். எழுதாதது செய்யாதது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், செய்ததை எழுது என்பதற்காக. ஆனால் அது திரும்பி வந்து, எழுதியது செய்தது என்று ஆகிவிட்டது. எழுதினால் போதும், செய்தது மாதிரி. இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எத்தனை அட்டைகளை நிரப்பியிருக்கிறோம் நாம்!

கண் மருத்துவமனைச் சீட்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அதில் தேதியும் பதிவு நேரமும் அச்சாகியிருந்தன. பக்கத்தில் அவருடைய அட்டையை வைத்தேன்.

"கேஸ் போட்டா இந்த ரெண்டையும் சேத்துத்தான் போடுவாங்க சார். இந்த ஒரு நாள் பொய்னு ஆயிடுச்சுன்னா, நீங்க உண்மையாச் செஞ்ச மத்த 364 நாளும் பொய்தான்னு ஆயிடும். காலியா இருந்தா ஏன் செய்யலேன்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் சொல்லலாம். இதுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

ஒரு மாதம், அந்த ஒரு மாடியில் மட்டும், காலிக் கட்டத்துக்குச் சம்பளம் பிடிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். நான் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். நாலு பத்தி. நேரம், செய்தது, பார்த்தது, செய்ய முடியாதது.

முதல் வாரம் அக்காவுக்கு மட்டும் எண்ணினேன். ஏழு இரவு, ஆறு தடவை வீதம் 42. அதில் 19 தடவை திருப்பவில்லை. ஒரு இரவு அந்தப் பெண் எழுதியது இது. அவள் எழுத்திலேயே, பிழை மட்டும் திருத்தித் தருகிறேன்.

"12.10 – இடப்பக்கம் திருப்பினேன். வால் எலும்பு பார்த்தேன், சூடு இல்லை.

2.00 – திருப்பவில்லை. 8ஆம் அறை அம்மா பாத்ரூமில் விழுந்துட்டாங்க. அங்க இருந்தேன்.

3.40 – மல்லாக்கப் போட்டேன். இடது இடுப்பு எலும்பு கொஞ்சம் சூடு. அழுத்தினால் கையைத் தட்டிவிடறாங்க. காலையில் அந்தப் பக்கம் போட வேண்டாம்."

இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றே பதிவு. கட்டத்தில் ஒன்று காலி. ஆனால் காலை டியூட்டிக்கு வருகிறவளுக்கு என்ன வேண்டுமோ அது முழுதும் இதில் இருக்கிறது. மூன்றரை மணி நேரம் ஒரே பக்கம் கிடந்திருக்கிறாள், அந்தப் பக்கம் பார்க்க வேண்டும், அந்தப் பக்கம் போடக்கூடாது. 36 டிக் இதில் எதைச் சொல்லும்?

குடிக்கக் கொடுப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பொய் இன்னும் சுலபமாக நுழைகிறது. அட்டையில் அக்காவுக்குத் தினமும் 1500 மி.லி. என்று இருந்தது. அந்த இல்லத்து டம்ளர் 150 பிடிக்கும், நானே அளந்தேன். பத்து டம்ளர், பத்து டிக். ஒரு நாள் காலையிலிருந்து இரவு வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, டம்ளரில் மிச்சம் இருந்ததையும் அளந்து கழித்தேன். காலை காபி 100. மாத்திரைக்குத் தண்ணீர் 50. மோர் கொடுத்தார்கள், வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள், பூஜ்யம். சாப்பாட்டுக்குப் பிறகு 80. டீ 120. சாயங்காலம் ரசம் 100. இரவு பால் 150. கூட்டினால் 600. அட்டையில் அன்றைக்கும் 1500.

பத்து தடவை டம்ளரைக் கொண்டுவந்து வைத்தது உண்மை. வைத்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள், குடித்ததை எழுதவில்லை. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை.

அந்த வாரம் அக்கா என்னை "அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். எங்கள் அம்மா போய் முப்பது வருஷம் ஆகிறது. சாயங்காலமானால் பிதற்றல். அட்டையில் "நார்மல்" என்று எழுதியிருந்தது. வாராவாரம் வரும் டாக்டர் அட்டையைப் பார்த்தார், தண்ணீர் நன்றாகத்தான் குடிக்கிறார் என்று எண்ணி, வயசுக்கு வரும் மறதி தொடங்குகிறது போல என்றார். நான் 600 கணக்கைச் சொன்னேன். டயப்பரில் சிறுநீர் மஞ்சள் கருத்து வாடை அடிப்பதையும் சொன்னேன். உடனே ரத்தம், சிறுநீர் பரிசோதனைக்கு எழுதினார். உடம்பில் நீர் வற்றியிருந்தது, சிறுநீரில் கிருமியும் இருந்தது. இரண்டுக்கும் பார்த்த பிறகு ஒரு வாரத்தில் அக்கா பழையபடி என் பெயரைச் சொல்லித் திட்ட ஆரம்பித்தாள். வயதானவர்களுக்குத் திடீரென்று, ஓரிரு நாளில், புத்தி தடுமாறினால் அது மறதி நோய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தண்ணீரா, கிருமியா, மலச்சிக்கலா, புது மாத்திரையா என்று பார்க்க வேண்டும். டாக்டர் அதைப் பார்ப்பது அட்டையின் வழியாகத்தான். அட்டை பொய் சொன்னால் டாக்டரும் குருடர்தான். இருதயமோ சிறுநீரகமோ கெட்டவர்களுக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கும் இதே கதைதான், மறுபக்கமாக.

ஒரு மாதம் முடிந்தது. என்ன நடந்தது என்று கேட்பீர்கள். சொர்க்கம் ஒன்றும் வந்துவிடவில்லை. நோட்டைப் பார்த்த டாக்டர் அந்த ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பரிசோதித்தார். மூன்று பேருக்குக் காற்று மெத்தை போட்டு, தோல் நன்றாக இருக்கும்வரை இரவில் நாலு மணிக்கு ஒரு தடவை திருப்பினால் போதும் என்று திட்டத்தையே மாற்றி எழுதினார். அக்கா உட்பட மற்ற மூன்று பேருக்கு இரண்டு மணியே இருக்கட்டும் என்றார். இரவு பத்து முதல் காலை ஐந்து வரை இன்னொரு பெண்ணைப் போட்டார்கள். முதலாளி முணுமுணுத்துக்கொண்டுதான் போட்டார். மற்ற மாடிகளில் இன்னும் பழையபடி எல்லாக் கட்டமும் நிரம்பியே இருக்கின்றன. அந்த மாடிகளில் யார் முதுகு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அட்டையை எழுதுகிறவர்களுக்கும் தெரியாது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். திட்டத்தில் எழுதிய வேலையைச் செய்ய முடியவில்லை என்றால் அதற்கு இரண்டு வழிதான் உண்டு. ஆளைக் கூட்ட வேண்டும், அல்லது தெரிந்தவர் பார்த்துத் திட்டத்தை மாற்ற வேண்டும். இந்த இரண்டும் நடக்கவேண்டுமென்றால் முடியவில்லை என்பது முதலில் காகிதத்தில் ஏற வேண்டும். எங்கள் மாடியில் அதை ஏற்றியது 19 காலிக் கட்டங்கள்.

"எழுதுகிற நேரத்தில் நாலு பேரைப் பார்க்கலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். பொய் எழுதவும் நேரம் ஆகத்தானே செய்கிறது? டியூட்டி முடியும் நேரத்தில் 14 அட்டைகளை உட்கார்ந்து நிரப்ப அந்தப் பெண்ணுக்கு முக்கால் மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. திருப்பிய கையோடு ஒரு வரி எழுத அரை நிமிஷம். தமிழ் எழுதத் தெரியாத வடமாநிலப் பெண்களும் வேலைக்கு வருகிறார்கள், அவர்கள் எப்படி எழுதுவார்கள் என்றும் கேட்டார்கள். நேரத்தை எண்ணில் எழுதட்டும். திருப்பிய பக்கத்துக்கு ஒரு அம்புக்குறி. முடியவில்லை என்றால் ஒரு வட்டம். புண்ணோ சூடோ தெரிந்தால், உடம்பு படம் ஒன்று அச்சடித்துக் கொடுங்கள், அந்த இடத்தில் புள்ளி வைக்கட்டும். எந்த மொழிக்காரிக்கும் புரியும்.

கடைசியாக நமக்கு. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இல்லத்தில் யாரோ இருக்கிறார்கள். மீதிப் பேர் நாளைக்கு நாமே போய்ச் சேரலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். கட்டம் நிரம்பியிருக்க வேண்டும் என்று நிர்வாகத்தை நெருக்குவது யார்? நாம்தான். ஞாயிற்றுக்கிழமை போகிறோம், அட்டையை எடுத்துப் பார்க்கிறோம், ஒரு கட்டம் காலியாக இருந்தால் வரவேற்பறையில் நின்று சத்தம் போடுகிறோம். இவ்வளவு பணம் கட்டுகிறோமே என்கிறோம். அதற்குப் பயந்துதான் நிர்வாகி சம்பளத்தைப் பிடிக்கிறார். அதற்குப் பயந்துதான் அந்தப் பெண் டிக் போடுகிறாள்.

அடுத்த தடவை போகும்போது அட்டையை முதலில் பார்க்காதீர்கள். முதுகைப் பாருங்கள், குதிகாலைப் பாருங்கள், உதடும் நாக்கும் ஈரமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அட்டையைப் பாருங்கள். உடம்பு சொல்வதும் அட்டை சொல்வதும் ஒன்றா என்று பாருங்கள். அதற்குப் பிறகு அங்கே வேலை செய்யும் பெண்ணிடம், "நேத்து என்ன கண்ணு செய்ய முடியல?" என்று கேளுங்கள். அவள் உண்மையைச் சொன்னால் தயவுசெய்து கோபப்படாதீர்கள்.

தர்மபுரிப் பெண் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். நேற்று போயிருந்தேன். அக்காவின் நோட்டில் காலை 10 மணிக்கு நேரே இப்படி எழுதியிருந்தாள்: "குளிக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. கட்டாயப்படுத்தல. 4 மணிக்கு மறுபடி கேக்கணும்." அக்காவிடம் ஏன் குளிக்கவில்லை என்று கேட்டேன். தண்ணீர் ஆறிப்போயிருந்ததாம். அதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லி, நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு வந்தேன்.